உருவாக்கும் திரையில் என் நிறம், கதைக்குள் போனதும் சாம்பல்: நம் முகம் கடைசிவரை நிற்கும் கேம் எது?

காட்பாடி_கயல்

அனைவருக்கும் வணக்கம். ஒரு சந்தேகத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படித்துப் பதில் சொல்ல வேண்டுகிறேன்.

சென்ற மாதம் ஒரு பெரிய கற்பனை உலகக் கதை கேமை வாங்கினேன். அதன் பெயரை இங்கே சொல்ல விரும்பவில்லை, ஏனென்றால் என் கேள்வி அந்த ஒரு கேமைப் பற்றியது அல்ல. கதாபாத்திரத்தை நாமே உருவாக்கலாம் என்பதற்காகத்தான் வாங்கினேன். நான் நல்ல கறுப்பு. வேலூர் வெயிலில் திரிந்து கறுத்தது அல்ல, பிறந்ததிலிருந்தே இந்த நிறம்தான். மூக்கு அகலம், புருவம் அடர்த்தி. இரவு உட்கார்ந்து ஒரு மணி நாற்பது நிமிடம் செலவழித்து அந்த முகத்தைச் செய்து முடித்தேன். திரையில் என்னைப் பார்த்தது போலவே இருந்தது. தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் "நீதான் அக்கா" என்றாள்.

கதை தொடங்கியது. முதல் காட்சி பகல் நேரத்தில் ஒரு கிராமம். அங்கே நின்றுகொண்டிருந்தவள் நான் இல்லை. முகம் முழுவதும் விபூதி பூசிக் காய்ந்தது போல ஒரு சாம்பல் நிறம், நெற்றியிலும் கன்னத்திலும் வெளிறிய பளபளப்பு. அடுத்த காட்சியில் கதைப்படி என்னுடைய அம்மா வருகிறார். அவர் வெள்ளைவெளேர் என்று பொன்னிற முடியோடு வந்து என் கன்னத்தைத் தொட்டு "மகளே" என்றார். அந்த இடத்தில் கேமை மூடிவிட்டேன்.

உருவாக்கும் திரையில் ஒரு நிறமும் கதைக்குள் வேறு நிறமும் தெரிவது ஏன்? நாம் உருவாக்கிய முகத்தைக் கதையும் அறிந்திருக்கும் கேம்கள் உண்டா? வாங்குவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

ஆற்காடு_பாபு

இது மானிட்டர் பிரச்சினை. விலை குறைந்த லேப்டாப் திரைகளில் இருண்ட நிறங்கள் சரியாகப் பிரிந்து தெரியாது, எல்லாம் ஒரே சாம்பலாகத்தான் தெரியும். அமைப்புகளில் காமா அளவைக் கொஞ்சம் குறையுங்கள், எச்டிஆர் இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். என் அண்ணன் மகனின் லேப்டாப்பில் இதே போல் இருந்தது. காமாவை மாற்றிய பிறகு சரியாகிவிட்டது. கேமின் மீது குற்றம் சொல்வதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

வாலாஜா_மீனா

கயல், நம்மை நாமே கதையில் பார்க்க வேண்டும் என்றால் 2023இல் வெளிவந்த வெண்பா கேமை விளையாடுங்கள். ஊரை விட்டுக் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ் அம்மாவின் கதை. அம்மாவழி வந்த சமையல் குறிப்பேடு பல இடங்களில் அழிந்திருக்கும். விடுபட்ட படிகளை நாம் கண்டுபிடித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். மகன் கவினுக்குத் தமிழ் மெல்ல விலகிப்போவதை அதில் காட்டியிருக்கும் விதத்தைப் பார்த்து நான் அழுதேன். புணேவில் உருவான ராஜி என்ற கேமும் இருக்கிறது. இந்த இரண்டிலும் உங்கள் நிறம் சாம்பலாகாது.

காட்பாடி_கயல்

பாபு அண்ணா, நீங்கள் சொன்னபடி காமாவைக் குறைத்துப் பார்த்தேன். சாம்பல் ஓரளவு குறைந்தது, ஆனால் குகைக்குள் ஒன்றுமே தெரியவில்லை. அதைவிட முக்கியமாக, உருவாக்கும் திரையும் கிராமமும் ஒரே மானிட்டரில்தான் தெரிகின்றன. ஒன்று சரியாகவும் மற்றொன்று தவறாகவும் இருப்பதற்கு மானிட்டர் மட்டும் காரணமாக இருக்க முடியுமா?

மீனா அக்கா, வெண்பாவை விளையாடியிருக்கிறேன், மிகவும் பிடித்தது. ஆனால் அதில் வருபவர் வெண்பா. அவருடைய முகமும் வாழ்க்கையும் ஏற்கெனவே முடிவானவை. என் கேள்வி வேறு. டிராகன் இருக்கும் உலகத்தில், மந்திரம் செய்கிறவளாக, அரசனோடு வாதாடுகிறவளாக நான் இருக்க வேண்டும், என் முகத்தோடு.

ஆம்பூர்_ரஃபீக்

நான் சென்னையில் ஒரு கேம் நிறுவனத்தில் கதாபாத்திரங்களுக்குத் தோலும் முகமும் செய்கிற வேலையில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். கயல் கேட்டதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. ஒன்று வெளிச்சம், மற்றொன்று குடும்பம். முதலில் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

மனிதத் தோலில் விழும் ஒளி இரண்டு விதமாகத் திரும்புகிறது. ஒரு பங்கு, தோலின் மேற்பரப்பில் இருக்கும் எண்ணெய்ப் படலத்திலேயே பட்டுத் தெறிக்கிறது. இது எந்த நிறத் தோலிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான்: நேராக விழும் ஒளியில் சுமார் 3 விழுக்காடு. இந்தப் பங்குக்குத் தோலின் நிறம் கிடையாது; விளக்கின் நிறமோ வானத்தின் நிறமோதான் இருக்கும். மற்றொரு பங்கு தோலுக்குள் புகுந்து, மெலனினையும் இரத்தத்தையும் கடந்து, அவற்றின் நிறத்தை ஏற்றுக்கொண்டு வெளியே வருகிறது. நாம் நிறம் என்று சொல்வது இந்த இரண்டாவது பங்கைத்தான்.

கணக்குக்காக எண்களை எடுத்துக்கொள்வோம். வெளுத்த தோல் தன் நிறத்தோடு 50 பங்கு ஒளியைத் திருப்புகிறது என்றும், கறுத்த தோல் 10 பங்கைத் திருப்புகிறது என்றும் வையுங்கள். இரண்டின் மேலும் அதே 3 பங்கு பளபளப்பு சேர்கிறது. வெளுத்த முகத்தில் அது 53இல் 3, கண்ணில் படாது. கறுத்த முகத்தில் 13இல் 3, அதாவது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. ஆகவே கறுத்த முகத்தின் தோற்றத்தை அதன் மேல் படும் வெளிச்சம்தான் பெருமளவு தீர்மானிக்கிறது. உருவாக்கும் திரையில் பக்கவாட்டில் ஒரு மஞ்சள் விளக்கை வைத்திருப்பார்கள். பளபளப்பு மஞ்சளாக வரும், முகம் உயிரோடு தெரியும். கிராமத்தில் திறந்த வானம்; எல்லாப் பக்கமிருந்தும் நீலம் கலந்த வெளிச்சம். அந்த நீலம் பழுப்பு நிறத்தின் மேல் படரும்போது கண்ணுக்குச் சாம்பலாகத்தான் தெரியும்.

நிஜத்திலும் இது நடக்கிறது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. நிஜத் தோலில் மயிர்க்கால்களும் மெல்லிய வரிகளும் பளபளப்பைச் சிதறடிக்கின்றன. உள்ளேயிருந்து இரத்தத்தின் சிவப்பு எட்டிப்பார்க்கிறது. கேமில் எங்கே தவறு நடக்கிறது என்றால், பல இடங்களில் வெளுத்த முகம் ஒன்றைத்தான் முதலில் கவனமாகச் செய்கிறார்கள். பிறகு அதே படத்தின் மேல் ஒரு பழுப்பைப் பெருக்கி "கறுப்பு" என்று பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். பெருக்கினால் சிவப்பும் சேர்ந்து செத்துவிடும். பளபளப்பின் அளவோ வெளுத்த முகத்துக்கு என்று வைத்ததாகவே இருக்கும். என் தந்தை எங்கள் ஊரில் தோல் பதனிடும் தொழிலில் நிறமேற்றும் பிரிவில் இருந்தவர். சாயம் உள்ளே இறங்கிய தோலில் அதன் வரிகள் தெரியும், மேலே பிக்மென்ட் அடித்து மூடிய தோலில் தெரியாது என்று காட்டுவார். திரையில் இருக்கும் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு: உள்ளங்கையைப் பாருங்கள். நம் உள்ளங்கை புறங்கையைவிட வெளிர்ந்திருக்கும், ரேகைகள் மட்டும் கறுத்திருக்கும். கதாபாத்திரத்தைக் கையசைக்க வையுங்கள். உள்ளங்கையும் புறங்கையும் ஒரே நிறமாக இருந்தால், அது வெளுத்த தோலின் மேல் மூடிய நிறம். உதட்டிலும் பார்க்கலாம்: மேலுதடும் கீழுதடும் ஒரே பழுப்பாக, ஒரு தீற்றலாகத் தெரிந்தால் அதே கதைதான்.

பாபு சொன்னதிலும் உண்மை இருக்கிறது. காமா கூடினால் இருண்ட பகுதிகள் வெளிறி, இருக்கிற சாம்பல் இன்னும் மோசமாகும். ஆனால் சாம்பலுக்குத் தோற்றுவாய் அது அல்ல.

குடியாத்தம்_ஸ்டுடியோ

நான் கேம் விளையாடுகிறவன் அல்ல. பேரன் காட்டியதால் இந்த உரையாடலைப் படித்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். ரஃபீக் தம்பி சொன்னது ஒவ்வொரு எழுத்தும் சரி. கறுத்த முகத்துக்கு நேர் எதிரே பிளாஷ் அடித்தால் முகம் சாம்பலாகும். பெரிய வெள்ளைக் குடையை வைத்து, பக்கவாட்டிலிருந்து மெல்லிய வெளிச்சம் கொடுத்தால் கன்னத்தின் வளைவு, தாடையின் கோடு எல்லாம் எழுந்து நிற்கும். கறுத்த முகத்துக்கு வெளிச்சத்தை அதிகமாகக் கொட்டுவது பிழை. வெளிச்சம் வரும் திசைதான் முக்கியம்.

பிலிம் காலத்தில் இன்னொரு தொல்லை இருந்தது. லேபில் பிரின்ட் போடும் இயந்திரம் முழுப் படத்தின் சராசரியைக் கணக்கிட்டு வெளிச்சத்தை முடிவு செய்யும். வெள்ளைத் திரைக்கு முன்னால் கறுத்த பெண் நின்றால், இயந்திரம் திரையைப் பார்த்து "வெளிச்சம் அதிகம்" என்று முடிவு செய்து முகத்தை மேலும் இருட்டாக்கிவிடும். அதனால் என் ஸ்டுடியோவில் பழுப்புத் திரை ஒன்றைத் தனியாகத் தைத்து வைத்திருந்தேன்.

ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். வரனுக்கு அனுப்பும் படம் எடுக்க வருகிற பெற்றோர் "கொஞ்சம் வெளுப்பாகப் போட்டுக்கொடுங்கள்" என்பார்கள். நானும் போட்டுக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண் பிள்ளைகள் படத்தை வாங்கிப் பார்க்கும்போது ஒன்றும் பேசமாட்டார்கள். அது இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

காட்பாடி_கயல்

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கும் அப்படி ஒரு படம் எடுத்தார்கள், வேறொரு ஊரில். படத்தில் இருந்தது என் புடவை, என் தோடு. முகம் மட்டும் யாருடையதோ. வீட்டுச் சுவரில் இன்றும் அதுதான் மாட்டியிருக்கிறது. என் நிறத்தில் என்னுடைய நல்ல படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. கேமில் இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்று தங்கை கேட்டாள்; அவளுக்குச் சொல்லத் தெரியாத பதில் இதுதான்.

ரஃபீக் பாய், உள்ளங்கைச் சோதனையைச் செய்தேன். ஒரே நிறம். இனிக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஆம்பூர்_ரஃபீக்

கதை எழுதுகிறவர்கள் உங்களுக்கு ஒரு அம்மாவையோ அப்பாவையோ வைத்துவிட்டால், அந்த உருவத்தை யார் எப்போது தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. முன்கூட்டியே செய்து பூட்டிவிட்டால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். 2009இல் வந்த டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸில் பிரபு குடும்பத்துக் கதையைத் தேர்ந்தெடுத்து, கறுத்த முகம் ஒன்றைச் செய்தாலும் அப்பாவும் அம்மாவும் வெளுத்தவர்களாகவே இருந்தார்கள். 2011இல் வந்த இரண்டாம் பாகத்தில் அதைச் சரிசெய்தார்கள்: நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிறத்துக்கு ஏற்ப அம்மாவும் தம்பி தங்கையும் நிறம் மாறுகிறார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குடும்ப முகத்தைத் தயார் செய்து வைத்துப் பொருத்துவதால், அதில் நிறம் பொருந்தும், மூக்கு பொருந்தாது.

அதற்கும் முன்பே, 2008இல் வந்த பால்அவுட் 3இல் இதை மிக அழகாகச் செய்திருந்தார்கள். கதை உங்கள் பிறப்பிலேயே தொடங்குகிறது. பிறந்த குழந்தையின் பார்வையில் எல்லாம் மங்கலாகத் தெரியும். அறுவை முகமூடி அணிந்த அப்பா குனிந்து, நீங்கள் வளர்ந்தால் எப்படி இருப்பீர்கள் என்று ஒரு கருவியில் காட்டுவார். அங்கேதான் உங்கள் முகத்தைச் செய்கிறீர்கள். செய்து முடித்த பிறகுதான் அவர் முகமூடியைக் கழற்றுவார், அப்போது அவர் உங்கள் இனத்தவராக, உங்கள் சாயலில் இருப்பார். முகமூடி எதற்கு என்று அப்போதுதான் புரியும்: அதற்கு முன் அப்பாவுக்கு முகமே இல்லை. 2015இல் வந்த நான்காம் பாகத்தில் கணவன், மனைவி இருவரையும் கண்ணாடி முன் நிறுத்தி நாமே செய்யலாம். மகனின் தோற்றம் அந்த இருவரிலிருந்தும் எடுக்கப்படுகிறது.

2023இல் வந்த ஸ்டார்ஃபீல்டில் "கிட் ஸ்டஃப்" என்று ஒரு பண்பைத் தேர்ந்தெடுத்தால் அப்பாவும் அம்மாவும் உயிரோடு இருப்பார்கள், உங்கள் சாயலில். அதற்கு விலையும் உண்டு: உங்கள் கையிருப்பில் 2 விழுக்காடு வாரந்தோறும் அவர்களுக்குப் போய்விடும். ஊருக்குப் பணம் அனுப்புகிற நம் பிள்ளைகளுக்கு இது புதிதாகத் தெரியாது.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். பேச்சுக் குரல் பதிவான கேம்களில் உங்கள் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். தளபதி என்றோ, முன்பே முடிவான குடும்பப் பெயரிலோ அழைப்பார்கள். குரல் நடிகர் உலகத்தின் எல்லாப் பெயர்களையும் பதிவு செய்ய முடியாது. பால்அவுட் 4இல் வீட்டு ரோபோவுக்கு ஏறத்தாழ ஆயிரம் பெயர்களைப் பதிவு செய்தார்கள். அது அரிதான முயற்சி. "கயல்விழி" என்று கூப்பிடும் குரலை எதிர்பார்க்க வேண்டாம், எழுத்தில் வரும்.

ராணிப்பேட்டை_சுரேஷ்

கேள்வியிலிருந்து சற்று விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தம்பிக்கு விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் வைத்திருக்கிறான். 2021இல் வந்த ஃபோர்ஸா ஹொரைசன் 5இல் ஓட்டுநருக்குச் செயற்கைக் கையும் காலும் வைக்கலாம் என்று கேள்விப்பட்டு வாங்கிக்கொடுத்தேன். அது கார் ஓட்டும் கேம், பெரும்பாலான நேரம் ஆள் தெரியமாட்டான். பந்தயம் முடிந்து ஆள் தெரியும் அந்தச் சில நொடிகளுக்காகவே அவன் அரைக்கால் சட்டையைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறான். நிஜத்தில் வெளியே போகும்போது முழுக்கால் சட்டைதான் போடுவான்.

ஓடுகிற, குதிக்கிற கதை கேம் எதிலாவது செயற்கைக் காலோடு கதாநாயகனை உருவாக்க முடியுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாணியம்பாடி_நூர்

எனக்கு வெண்புள்ளி இருக்கிறது, கையிலும் உதட்டோரத்திலும். 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3இல் வெண்புள்ளிகளுக்கு என்று பல வடிவங்கள் இருக்கின்றன. சிம்ஸ் 4இல் 2024 பிப்ரவரியில் சேர்த்தார்கள். அதில் உடலின் பகுதிவாரியாகத் தேர்ந்தெடுக்கலாம், எனக்கு அதுதான் நெருக்கமாக வந்தது.

ஆனால் இங்கே எல்லோரும் "என்னைப் போலவே இருக்க வேண்டும்" என்று எழுதுவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. முதல் வாரம் வெண்புள்ளியோடு விளையாடினேன், மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் எடுத்துவிட்டேன். நாள் முழுவதும் அதை எல்லோரும் உற்றுப் பார்க்கிறார்கள். இரவில் இரண்டு மணி நேரம் அது இல்லாமல் இருக்க வேண்டும் என்று தோன்றியது. தேர்வு இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம். அதைப் பயன்படுத்தாவிட்டால் நான் என்னை மறைக்கிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

வாலாஜா_மீனா

நூர் சொல்வது எனக்குப் புரிகிறது. கயலின் கேள்வியையும் இப்போதுதான் சரியாகப் புரிந்துகொண்டேன். இருந்தாலும் ஒன்றைக் கேட்கிறேன். ரஃபீக் சொன்ன கேம்களில் அம்மாவின் நிறத்தை மாற்றிவிட்டார்கள். அவர் பேசுவது, சமைப்பது, மகளைக் கோபித்துக்கொள்வது எதுவும் மாறவில்லையே? நிறத்தை மட்டும் மாற்றினால் அவர் கயலின் அம்மா ஆகிவிடுவாரா? வெண்பாவில் அம்மா ஒரு வார்த்தை பேசினாலே நம் வீட்டுக் கூடம் கண்ணில் தெரிகிறது. எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

ஆம்பூர்_ரஃபீக்

மீனா அக்கா, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. ஒரு கதையை ஆயிரம் விதமான முகங்களுக்குப் பொருந்துமாறு எழுதினால், அது எந்த ஒரு வீட்டுக்கும் முழுமையாகச் சொந்தமாகாது. ஒரு வீட்டுக்கு என்று எழுதினால் அங்கே நம் முகத்தை வைக்க முடியாது. என் அலுவலகத்திலேயே இதில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன.

சுரேஷ், கதை கேம்களில் செயற்கைக் கால் ஏன் அரிது என்றால், ஓட்டம், தாவல், ஏணி ஏறுதல் என்று நூற்றுக்கணக்கான அசைவுகள் இரண்டு முழுக்கால்களுக்கு என்று பதிவாகியிருக்கும். தோற்றத்தை மட்டும் மாற்றி அதே அசைவை வைத்தால், செயற்கைக் கால் அணிகிறவர்களுக்கு நடையிலேயே பொய் தெரிந்துவிடும். சரியாகச் செய்ய வேண்டுமானால் அசைவுகளைத் திரும்பப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் தம்பி அதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். நடை சரியாக இல்லாவிட்டாலும் இருந்தால் போதுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

கயலுக்கு: செலவில்லாமல் முதலில் சிம்ஸ் 4 முயன்று பாருங்கள். 2022 அக்டோபரிலிருந்து அதன் அடிப்படைக் கேம் இலவசம். முதலில் அதிலும் கறுத்த நிறங்கள் சாம்பலாகத்தான் இருந்தன. விளையாடுகிறவர்கள் தாங்களே நல்ல தோல்களைச் செய்து பகிர்ந்துகொண்டிருந்தார்கள். 2020 டிசம்பரில் நிறுவனமே நூற்றுக்கும் மேற்பட்ட புதிய நிறங்களைச் சேர்த்து, வெதுவெதுப்பு, நடுநிலை, குளிர்ச்சி என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெளிச்ச ஸ்லைடரும் கொடுத்தது. நீங்கள் வெதுவெதுப்புப் பிரிவில் தேடுங்கள். உங்கள் உருவத்தைச் செய்த பிறகு மரபணுப் பொத்தானை அழுத்தினால் உங்கள் சாயலிலேயே அம்மாவையும் தங்கையையும் அது உருவாக்கித் தரும்.

டிராகனும் அரசனும் வேண்டுமென்றால் பால்டர்ஸ் கேட் 3. அதில் மூக்கு, தாடைக்குத் தனி ஸ்லைடர் கிடையாது. தயாரான தலைகளில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும், அது ஒரு குறை. உங்கள் சொந்தக் கதாபாத்திரத்துக்குக் கதையில் பெற்றோர் கிடையாது, ஆகவே அந்தச் சிக்கல் எழாது. உரையாடலில் உங்கள் முகம் அருகில் தெரியும், பதிலை எழுத்தில் தேர்ந்தெடுப்பீர்கள். ஆனால் ஒன்று: முதல் இடம் நரகத்தின் மேல் பறக்கும் கப்பல், எங்கும் செந்நெருப்பு வெளிச்சம். அங்கே எந்தக் கறுப்பும் அழகாகத்தான் தெரியும், அதை நம்பாதீர்கள். கப்பல் விழுந்ததும் கடற்கரையில் பகல் வெளிச்சத்தில் எழுவீர்கள்; அங்கேதான் உண்மை தெரியும். நிறம் பிடிக்கவில்லை என்றால் மறுபடி தொடங்க வேண்டாம். முகாமில் மேஜிக் மிரர் என்ற கண்ணாடி இருக்கிறது. 2023 செப்டம்பரில் மூன்றாம் பேட்சில் சேர்த்தார்கள். இனத்தை மாற்ற முடியாது. நிறத்தையும் முகத்தையும் முடியையும் மாற்றலாம்.

வாங்குவதற்கு முன்: வட்டில் 150 ஜிபி இடம் வேண்டும். ஸ்டீமில் வாங்கினால் 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். முகம் செய்கிற நேரமும் அந்த இரண்டு மணி நேரத்தில் அடங்கும். ஆகவே முதலில் பத்தே நிமிடத்தில் உத்தேசமாக ஒரு முகத்தைச் செய்து, பகல் வெளிச்சத்துக்குப் போய்ப் பாருங்கள். அதன் பிறகு நிதானமாகச் செய்யலாம்.

ஆற்காடு_பாபு

ரஃபீக் பாய், நான் மானிட்டர் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி. பளபளப்புதான் காரணம் என்றால், கேமின் அமைப்புகளில் நிழல் தரம், ஒளிப் பிரதிபலிப்புத் தரம் இவற்றை உயர்த்தினால் சாம்பல் குறையுமா?

ஆம்பூர்_ரஃபீக்

ஓரளவு குறையும், பாபு. கண்குழி, மூக்கின் கீழ், தாடையின் கீழ் இவ்விடங்களில் வானத்தின் ஒளி புகக் கூடாது. நிழல் தரம் தாழ்வாக இருந்தால் அங்கேயும் நீல வெளிச்சம் புகுந்து முகத்தைத் தட்டையாக்கும். கயலின் லேப்டாப்பில் எல்லாம் தாழ்ந்த அளவில் இருந்திருந்தால் அதுவும் சேர்ந்திருக்கும். இதில் உங்கள் ஊகம் வீண் அல்ல.

காட்பாடி_கயல்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். சித்தப்பா மகனின் கணினியில் பால்டர்ஸ் கேட் 3 இருந்தது. வாங்குவதற்கு முன் அங்கேயே பார்த்துவிடலாம் என்று போனேன்.

ரஃபீக் பாய் சொன்னபடி பத்து நிமிடத்தில் ஒரு முகத்தைச் செய்தேன். முதலில் இருப்பதிலேயே கறுத்த நிறத்தை எடுத்தேன். கப்பலில் செப்புச் சிலை போல இருந்தாள். கடற்கரையில் எழுந்ததும் நெற்றியில் நீலம் படிந்தது, முன்பு பார்த்த அளவுக்கு இல்லை. முகாமுக்குப் போய்க் கண்ணாடியில் அதைவிட ஒரு படி வெளிர்ந்த, ஆனால் சிவப்பு கலந்த பழுப்பை எடுத்தேன். என் நிறத்தைக் குறைக்கிறேனோ என்று முதலில் மனம் ஒப்பவில்லை. திரும்பக் கடற்கரைக்கு வந்து பார்த்தபோது, வெயிலில் நிற்கும் என் கை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. திரையின் பக்கத்தில் என் கையை நீட்டி வைத்து ஒப்பிட்டேன். சித்தப்பா மகன் சன்னலைத் திறந்து உதவினான். பட்டியலில் இருக்கும் பெயரையோ கட்டத்தின் நிறத்தையோ நம்பக் கூடாது, பகலில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது அப்போது விளங்கியது.

மூக்கு சரியாக வரவில்லை. இருந்த தலைகளில் ஒன்று நெருக்கமாக இருந்தது, ஆனால் கன்னம் என்னுடையது அல்ல. முடியில் நீளமான பின்னல்கள் கிடைத்தன. எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை போல ஒன்றும் இல்லை.

ஸ்டுடியோ ஐயாவுக்கு ஒரு செய்தி. அந்தக் கேமில் மாலையில், நெருப்புக்குப் பக்கவாட்டில் நிற்க வைத்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். நீங்கள் சொன்னது போலக் கன்னத்தின் வளைவு எழுந்து நின்றது. அந்தப் படத்தைத் தங்கை அவளுடைய போனில் வைத்துக்கொண்டாள்.

குடியாத்தம்_ஸ்டுடியோ

மகளே, அடுத்த ஞாயிறு மாலை நாலரை மணிக்குத் தங்கையோடு குடியாத்தத்துக்கு வர முடியுமா? கடையை மூடிவிட்டேன், ஆனால் குடையும் பழுப்புத் திரையும் வீட்டில்தான் இருக்கின்றன. அந்த நேரத்தில் எங்கள் மேற்குத் திண்ணையில் நல்ல வெளிச்சம் வரும். தலைக்கு எண்ணெய் வைத்துச் சடை பின்னி வாருங்கள். பவுடர் போட வேண்டாம்.

ராணிப்பேட்டை_சுரேஷ்

தம்பியிடம் கேட்டேன், ரஃபீக் பாய். நடை பொய்யாக இருந்தால் வேண்டாம் என்றான். ஒரு மணி நேரம் கழித்து வந்து, "இல்லை, இருக்கட்டும், ஏணி ஏறும்போது மட்டும் சரியாகச் செய்யச் சொல்" என்றான். எதை எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டையும் எழுதிவிட்டேன்.